செக்யூரிட்டி, தீயணைப்பு அலுவலர் சான்றிதழ்கள்: பயிற்சி மணிநேரமும் புதுப்பித்தலும்

குடியிருப்பு வளாகம், கிடங்கு, மருத்துவமனை என எந்த இடத்துக்குக் காவல் ஆள் வைத்தாலும், ஏஜென்சிக்காரர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். அதில் பயிற்சிச் சான்றிதழ், காவல்துறை சரிபார்ப்பு அறிக்கை, மருத்துவச் சான்று, ஏஜென்சியின் உரிமத்தின் நகல் ஆகியவை இருக்கும். சில கோப்புகளில் தீயணைப்புப் பயிற்சி பெற்றதாக ஒரு தாளும் சேர்ந்திருக்கும். இவற்றில் எது யாருக்குரியது, எது காலாவதியாகும், எது ஆகாது என்பது வேலைக்குச் சேர்கிறவருக்கும் தெரிவதில்லை, வேலைக்கு வைக்கிறவருக்கும் தெரிவதில்லை. இந்தியாவில் நடைமுறையிலுள்ள விதிகளின்படி இந்தத் தாள்களை எப்படிப் படிப்பது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, உரிமம் யாருக்கு வழங்கப்படுகிறது என்பதுதான். பிரிட்டன் போன்ற சில நாடுகளில் ஒப்பந்த நிறுவனத்தின் மூலம் காவல் பணி செய்யும் ஒவ்வொரு தனிநபரும் தம் பெயரில் அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டியது ஏஜென்சி மட்டுமே. தகுதியான ஆளைத் தேர்ந்தெடுப்பதும், அவருக்குப் பயிற்சி கிடைக்கச் செய்வதும், அதற்கான ஆவணங்களைப் பராமரிப்பதும் ஏஜென்சியின் கடமைகள். அதனால்தான் பயிற்சி இல்லாத ஒருவர் வாசலில் நின்றால் சட்டம் முதலில் அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியிடம் கேள்வி கேட்கிறது. பயிற்சி, தகுதி தொடர்பான பிரிவுகளை மீறிய ஏஜென்சிக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், உரிமத்தையும் இடைநிறுத்தலாம் அல்லது ரத்து செய்யலாம்.

பாதுகாவலராகச் சேர்கிறவர் இந்தியக் குடிமகனாகவோ மத்திய அரசு அறிவித்த வேறு நாட்டின் குடிமகனாகவோ இருக்க வேண்டும்; 18 வயது நிறைந்து, 65 வயதைத் தாண்டாதவராக இருக்க வேண்டும்; நன்னடத்தை, உடற்தகுதி ஆகியவற்றோடு வரையறுக்கப்பட்ட பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியின் அளவைச் சட்டம் நேரடியாகச் சொல்வதில்லை, விதிகளுக்கு விட்டுவிடுகிறது. மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொரு மாநிலமும் தனக்கான விதிகளை வகுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டுக்கு 2008ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. இக்கட்டுரையில் வரும் எண்கள் மாதிரி விதிகளில் உள்ளவை. ஒரு குறிப்பிட்ட மாநிலத்தில் பணி என்றால் அந்த மாநிலத்தின் விதிகளையே இறுதியானவையாகக் கொள்ள வேண்டும்.

புதிதாகச் சேர்கிறவருக்குக் குறைந்தது 100 மணிநேர வகுப்பறைப் பயிற்சியும் 60 மணிநேரக் களப் பயிற்சியும் தேவை. இவ்விரண்டும் சேர்ந்த 160 மணிநேரமும் குறைந்தது 20 வேலை நாட்களில் பரவியிருக்க வேண்டும். ராணுவத்திலோ காவல்துறையிலோ பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுக்குச் சுருக்கப்பட்ட பயிற்சி போதும்: 40 மணிநேர வகுப்பும் 16 மணிநேரக் களப் பயிற்சியும், குறைந்தது 7 வேலை நாட்களில். இரண்டு கணக்கையும் வகுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். 160ஐ 20ஆல் வகுத்தாலும், 56ஐ 7ஆல் வகுத்தாலும், நாளொன்றுக்கு 8 மணிநேரம் என்றே விடை வருகிறது. அதாவது விதி சொல்லும் குறைந்தபட்ச நாட்களில் பயிற்சி முடிய வேண்டுமானால், ஒவ்வொரு நாளும் முழுநேரப் பயிற்சியாக இருந்தாக வேண்டும். மாலையில் இரண்டு மணிநேரம் மட்டும் நடத்தும் நிலையம் இதே பயிற்சியை முடிக்க 80 நாட்கள் எடுத்துக்கொள்ளும்.

இந்த எளிய கணக்கு, போலிச் சான்றிதழைக் கண்டுபிடிக்க மிக நல்ல கருவி. ஒரு எடுத்துக்காட்டை நாள்கணக்கோடு பார்ப்போம். 27 வயது இளைஞர் ஒருவர், முன்பு சீருடைப் பணி எதிலும் இல்லாதவர், 2025 ஜூலை 7 திங்கட்கிழமை பயிற்சியில் சேர்ந்ததாகச் சான்றிதழ் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலையம் வாரத்துக்கு ஆறு நாள் நடக்கிறது, ஞாயிறு விடுமுறை. ஜூலை 12 சனிக்கிழமையோடு ஆறு நாட்கள், 19ஆம் தேதியோடு பன்னிரண்டு, 26ஆம் தேதியோடு பதினெட்டு. அடுத்த வாரம் திங்களும் செவ்வாயும் சேர்ந்தால்தான் இருபது நிறைகிறது. ஆகவே அந்தச் சான்றிதழ் ஜூலை 29க்கு முந்தைய தேதியிட்டதாக இருக்க வழியே இல்லை. அதில் ஜூலை 18 என்று போட்டிருந்தால், இடைப்பட்ட வேலை நாட்கள் பதினொன்றுதான். பதினொரு நாளில் 160 மணிநேரம் என்றால் நாளொன்றுக்குப் பதினான்கரை மணிநேரம் பயிற்சி நடந்திருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தாலும் 20 வேலை நாட்கள் என்ற நிபந்தனை நிறைவேறவில்லை. அதே ஜூலை 7 அன்று சேர்ந்தவர் ஓய்வு பெற்ற ராணுவ வீரராக இருந்தால், ஏழாவது வேலை நாளான ஜூலை 14 அன்றே அவர் பயிற்சியை முடித்திருக்கலாம். அவருடைய கோப்பில் ராணுவப் பணி விடுவிப்புச் சான்றின் நகலும் இருக்க வேண்டும், ஏனெனில் அந்தச் சலுகைக்கு அதுதான் ஆதாரம்.

தேதியை மட்டும் பார்த்து முடித்துவிடக் கூடாது. வருகைப் பதிவையும் கேட்க வேண்டும். பயிற்சி நிலையங்கள் தேர்ச்சி பெற்றவர்களின் பட்டியலை, ஏஜென்சிகளுக்கு உரிமம் வழங்கும் மாநிலக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அளிக்க வேண்டும் என்று விதியே சொல்வதால், பெயர்ப் பட்டியல் இல்லாத நிலையம் என்பது நம்பத் தகுந்ததல்ல. இன்னொரு சோதனை இன்னும் எளிது. அந்த இளைஞர் ஜூலை மாதம் முழுவதும் ஏற்கெனவே வேறொரு வாசலில் பணி செய்ததாக ஏஜென்சியின் சம்பளப் பட்டியல் காட்டினால், பகல் முழுவதும் பயிற்சியில் இருந்தார் என்பது எப்படி என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பல கோப்புகளில் பதில் இருப்பதில்லை.

பயிற்சியில் என்ன சொல்லித்தரப்படுகிறது என்பதும் முக்கியம், ஏனெனில் தீயணைப்பு பற்றிய குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பாடத்திட்டத்தில் கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், அடையாள ஆவணங்களைச் சரிபார்த்தல், முதலுதவி, பேரிடர் நேரத்தில் செயல்படுதல், வெடிபொருள்களை அடையாளம் காணுதல், அலாரம் முதலிய கருவிகளைக் கையாளுதல், குற்றவியல் சட்டத்தின் அடிப்படை அறிவு, முதல் தகவல் அறிக்கை பதியும் முறை என்று பல தலைப்புகள் உள்ளன. தீயணைப்பும் அவற்றுள் ஒன்று. அதாவது 160 மணிநேரத்தை இத்தனை தலைப்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு பாதுகாவலர் தீயணைப்பானின் அழுத்தமானி பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று பார்க்கவும், ஊசியை உருவி நெருப்பின் அடிப்பகுதியை நோக்கி அடிக்கவும், மின்கசிவால் பற்றிய தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அறியவும், படிக்கட்டு வழியை மறித்து நிற்கும் சைக்கிள்களை அகற்றச் சொல்லவும் இந்தப் பயிற்சி உதவும். அந்த ஒரு தலைப்பைப் படித்ததால் அவர் தீயணைப்பு அலுவலர் ஆகிவிடுவதில்லை.

தீயணைப்பு அலுவலர் என்பவர் வேறு. தேசியக் கட்டட நெறிமுறையின் தீப்பாதுகாப்புப் பகுதி, 30 மீட்டருக்கு மேல் உயர்ந்த விடுதிகள், அலுவலகங்கள், வணிகக் கட்டடங்கள் போன்றவற்றில், குறைந்தது 3 ஆண்டு அனுபவமுள்ள தகுதி பெற்ற தீயணைப்பு அலுவலர் ஒருவர் வளாகத்திலேயே இருக்க வேண்டும் என்று கூறுகிறது. கருவிகளை வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது, தீ விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற திட்டத்தை எழுதி அனைவருக்கும் அறிவிப்பது, கட்டடத்தில் இருப்பவர்களுக்குப் பயிற்சி அளிப்பது, நகரத் தீயணைப்புத் துறையோடு தொடர்பில் இருப்பது ஆகியவை அவர் வேலை. கவனிக்க வேண்டியது, இந்த நெறிமுறை மாநிலங்களுக்கான பரிந்துரை என்பதே. ஒரு மாநிலமோ உள்ளாட்சியோ தன் கட்டட விதிகளில் சேர்த்துக்கொண்ட பிறகுதான் அது கட்டாயமாகிறது.

இவரிடம் எதிர்பார்க்கப்படுவது அனுபவமும் தகுதியும். பாதுகாவலருக்கு இருப்பதுபோல் மணிக்கணக்கு வரையறை இந்த நெறிமுறையில் இல்லை. ஆகவே தகுதியைப் பார்க்கும்போது சான்றிதழை யார் வழங்கியது என்பதே முதற்கேள்வி. நாக்பூரிலுள்ள தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரியின் சான்றிதழ், பல்கலைக்கழகப் பட்டம், தொழிற்பயிற்சி நிலையங்களில் அரசு நடத்தும் தீத் தொழில்நுட்ப, தொழிற்பாதுகாப்புப் பிரிவில் பெற்ற தேசியத் தொழிற்சான்றிதழ் ஆகியவை ஒரு வகை. தெருவுக்குத் தெரு விளம்பரம் செய்யும் தனியார் நிலையங்கள் தாமே அச்சிட்டு வழங்கும் 'ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ' வேறு வகை. இரண்டாவது வகையிலும் நல்ல பாடம் சொல்லித்தரும் இடங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் சான்றிதழின் கீழே அந்த நிலையத்தின் முத்திரை மட்டுமே இருந்தால், பணத்தைக் கட்டுவதற்கு முன்பே எந்த அரசு அமைப்பு இதை ஏற்கிறது என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

இதோடு சேர்த்துக் குழப்பப்படும் இன்னொரு தாள் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. அது கட்டடத்துக்குக் கொடுக்கப்படுவது, ஆளுக்கு அல்ல. 'எங்களிடம் ஃபயர் சர்டிபிகேட் இருக்கிறது' என்று வளாக நிர்வாகம் சொன்னால், அது பெரும்பாலும் கட்டடத்தின் சான்றையே குறிக்கும். தீ பற்றினால் என்ன செய்வது என்று தெரிந்த ஆள் இரவுப் பணியில் இருக்கிறாரா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இனி புதுப்பித்தலுக்கு வருவோம். இந்த ஆவணங்களில் ஒவ்வொன்றும் தனித்தனிக் காலக்கெடுவில் ஓடுகிறது. மாதிரி விதிகளின்படி, பாதுகாவலரின் 160 மணிநேரப் பயிற்சிச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஒருமுறை முறையாகப் பெற்றால் அது நிலைத்திருக்கும். காலாவதியாவது அதைச் சுற்றியுள்ள மற்ற தாள்கள். நடத்தை, முன்வரலாறு பற்றிய காவல்துறை சரிபார்ப்பு அறிக்கை வழங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் செல்லும். மருத்துவப் பரிசோதனை ஒவ்வொரு 12 மாதத்துக்கும் நடந்தாக வேண்டும். ஏஜென்சியின் உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதைப் புதுப்பிக்கும் விண்ணப்பம், காலாவதி நாளுக்குக் குறைந்தது 45 நாள் முன்னதாக அளிக்கப்பட வேண்டும்.

மேலே சொன்ன இளைஞரையே தொடர்வோம். அவருடைய சரிபார்ப்பு அறிக்கை 2025 ஜூன் 20 தேதியிட்டது. ஆகவே அது 2028 ஜூன் வரை செல்லும். மருத்துவப் பரிசோதனை 2025 ஜூலை 1 அன்று நடந்தது. அடுத்தது 2026 ஜூலை தொடக்கத்துக்குள் நடந்திருக்க வேண்டும். அவரை அனுப்பிய ஏஜென்சியின் உரிமம் 2026 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அதற்கு 45 நாள் பின்னோக்கிக் கணக்கிட்டால் நவம்பர் 16 வருகிறது. அன்றைக்குள் ஏஜென்சி விண்ணப்பித்திருக்க வேண்டும். 2027 ஜனவரி மாதம் ஒருவர் இந்தக் கோப்பைத் திறந்தால், பயிற்சிச் சான்றிதழ் அப்படியே செல்லும், சரிபார்ப்பு அறிக்கையும் செல்லும். ஆனால் மருத்துவச் சான்று 2025இல் எடுத்ததாகவே இருந்தால் அது ஏற்கெனவே பழையது. ஏஜென்சி புதுப்பித்த உரிமத்தைக் காட்ட முடியாவிட்டால், எத்தனை நல்ல பாதுகாவலரை அனுப்பியிருந்தாலும் அந்த ஏற்பாடு முழுவதுமே சட்டப்படி நிற்காது. உரிமமின்றி ஏஜென்சி நடத்துவதற்கு ஓராண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. வளாகச் சங்கங்கள் ஏஜென்சியின் உரிமத்தில் உள்ள மாவட்டங்களையும் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரு மாவட்டத்துக்கு, ஐந்து மாவட்டங்கள் வரை, மாநிலம் முழுமைக்கும் என்று மூன்று வகையாக உரிமம் கொடுக்கப்படுகிறது. பக்கத்து மாவட்டத்துக்கு மட்டும் உரிமம் பெற்றவர் உங்கள் வாசலில் ஆள் நிறுத்த முடியாது.

பயிற்சிச் சான்றிதழ் காலாவதியாகாது என்பதால் பயிற்சியே பழசாகாது என்று கொள்ளக் கூடாது. இதற்கு நல்ல சான்று குற்றவியல் சட்டப் பாடம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பயிற்சி பெற்றவர், தற்காப்பு உரிமை பிரிவு 96 முதல் 106 வரை உள்ளது என்று படித்திருப்பார். இப்போது அது புதிய சட்டத்தில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. அவர் சான்றிதழ் செல்லும், மனப்பாடம் செய்த எண்கள் செல்லாது. தீயணைப்பிலும் இதே நிலைதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை தீயணைப்பானை இயக்கிப் பார்த்தவர், இரவு இரண்டு மணிக்குப் புகை சூழ்ந்த படிக்கட்டில் அதை நினைவுபடுத்திக்கொண்டு செயல்படுவார் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

தீயணைப்பு விஷயத்தில் அந்தப் புதுப்பித்தலை, சான்றிதழைவிட ஒத்திகைதான் செய்கிறது. உயர்ந்த கட்டடங்களுக்குத் தேசியக் கட்டட நெறிமுறை சொல்லும் ஏற்பாட்டின்படி, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவதும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவதும் தீ வெளியேற்ற ஒத்திகை நடக்க வேண்டும். ஒரு பாதுகாவலர் ஓராண்டு பணிசெய்திருந்தால், ஒத்திகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து குறைந்தது இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் தேதி, அலாரம் ஒலித்த நேரம், கடைசி ஆள் வெளியேறிய நேரம், பூட்டிக் கிடந்த கதவு எது என்ற குறிப்பு ஆகியவை இருந்தால் அது உண்மையான ஒத்திகை. எல்லாப் பக்கத்திலும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், 'நல்லபடியாக நடந்தது' என்று மட்டும் எழுதியிருந்தால், அது ஆய்வாளர் வருவதற்கு முந்தைய நாள் எழுதப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். தீயணைப்பானின் மேலுள்ள பராமரிப்புச் சீட்டையும் இதே கண்ணோடு பார்க்கலாம்: அடுத்த பரிசோதனைத் தேதி கடந்துபோயிருந்தால், அந்தக் கோப்பிலுள்ள தீயணைப்புச் சான்றிதழை எத்தனை முறை புரட்டினாலும் பயன் இல்லை.

திறன் மேம்பாட்டுத் திட்டங்களின் கீழ் வழங்கப்படும் 'ஆயுதமற்ற பாதுகாவலர்' சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் முழுப் பயிற்சி பெற்றவருக்குக் கொடுப்பதற்கும், முன்பே வேலை தெரிந்தவருக்குக் குறுகிய அறிமுகமும் தேர்வும் நடத்திக் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது வகை, அவருக்கு வேலை தெரியும் என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. அவர் 160 மணிநேரம் பயிற்சி பெற்றார் என்பதை அது நிறுவவில்லை. ஆகவே சான்றிதழில் பயிற்சி மணிநேரம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறதா என்பதைக் கேட்பது அவசியம்.

கடைசியாக, பாதுகாவலர் ஒரு ஏஜென்சியை விட்டு வேறொன்றுக்குப் போகும்போது எந்தத் தாள் யாரிடம் இருக்கும் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பயிற்சிச் சான்றிதழ் அவருடையது. அது முறையானதாக இருந்தால் புதிய ஏஜென்சி மீண்டும் 160 மணிநேரம் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. சரிபார்ப்பின் அடிப்படையில் ஏஜென்சி கொடுக்கும் நன்னடத்தைச் சான்றை, அவர் வேலையை விட்டாலும் திரும்ப வாங்கக் கூடாது என்பதே விதி. ஏஜென்சி கொடுத்த புகைப்பட அடையாள அட்டையை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும். சம்பளப் பாக்கியையோ சீருடைக் கணக்கையோ காட்டிச் சான்றிதழ்களை முடக்கி வைத்திருக்கும் ஏஜென்சியிடம், இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லி, முதலிரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்க பாதுகாவலருக்கு உரிமை உண்டு. கொடுக்க மறுத்தால் மாநிலக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் புகார் அளிக்கலாம். அசல்களை யாரிடமும் கொடுக்காமல், பணியில் சேர்ந்த முதல் நாளிலேயே நகலை மட்டும் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது.